எந்த வேலை எந்த டிபார்ட்மென்ட்டுக்கு? எக்செல்லயே ஒரு சுவிம்லேன் கீறுவம்

சுவிம்லேன் எண்டா ஒரு வேலை எந்த டிபார்ட்மென்ட்ல இருந்து எதுக்கு கைமாறுதெண்டு காட்டுற படம். புறக்கோட்டைல ஒரு ஹார்ட்வெயார் ஹோல்சேல் கடை எண்டு வைப்பம். கஸ்டமர் கோல் எடுத்து கடனுக்கு பெயின்ட் ஓடர் பண்றார், சாமான் கையில கிடைச்சு சைன் வைக்கிறார். தொடக்கம் அது, முடிவு இது, இந்த ரெண்டுக்கும் வெளியில உள்ள ஒண்டையும் இப்ப தொடாதீங்க.

முதல்ல எக்செல்ல மேல் வரிசைல கஸ்டமர், சேல்ஸ், எக்கவுன்ட்ஸ், ஸ்டோர்ஸ், டெலிவரி எண்டு அஞ்சு கொலம் போட்டு அகலமாக்கி, கொலத்துக்கு கொலம் போடர் அடிச்சிருங்க, ஒவ்வொரு கொலமும் ஒரு லேன். அகலத்தை இப்பவே சரி பண்ணுங்க, பிறகு மாத்தினா உள்ள இருக்கிற பெட்டியளும் சேர்ந்து இழுபடும். ஆக்கள்ட பேர் போடாம டிபார்ட்மென்ட் பேர் போடுறதுதான் நல்லம், ஆள் மாறினாலும் படம் மாறாது.

அடுத்தது Insert > Shapes. தொடக்கம் முடிவுக்கு முட்டை வடிவம், வேலைக்கு நீட்டுப் பெட்டி, ஓம்/இல்லை கேள்விக்கு டயமண்ட். நேரம் மேலிருந்து கீழ போகும், ஒரு பெட்டி ஒரு லேன்லதான் இருக்கோணும். கனபேர் சிக்குறது இங்கதான்: "ஓடர் செக் பண்றது" எண்டு ஒரு பெட்டி போட்டுட்டு எந்த லேன்ல வைக்கிறதெண்டு தெரியாம கோட்டுக்கு மேல வைப்பாங்க, ஆனா அதுக்குள்ள உண்மையில ரெண்டு வேலை இருக்கு, கடன் லிமிட் பாக்கிறது எக்கவுன்ட்ஸ், சாமான் இருக்கா பாக்கிறது ஸ்டோர்ஸ், அதால உடைச்சு ரெண்டாப் போடுங்க.

டயமண்ட்ல இருந்து ரெண்டு அம்பு வெளிய வரோணும், ரெண்டிலயும் ஓம், இல்லை எண்டு எழுதோணும். லிமிட் தாண்டிட்டா? அந்த "இல்லை" அம்பு சேல்ஸுக்கு திரும்பிப் போய், "பழைய பாக்கி கேட்டு கோல் பண்றது" எண்ட பெட்டில விழோணும். அந்த அம்புக்கு போக இடம் இல்லையெண்டா, கடைலயும் அந்த ஓடர் யார்ட மேசைலயோ தூங்குதெண்டு அர்த்தம்.

அம்புக்கு முழங்கை மாதிரி மடியிற கனெக்டர் எடுங்க. அதின்ட நுனி பெட்டில ஒட்டினா பச்சைப் புள்ளி தெரியும், ஒட்டாட்டி பெட்டிய நகர்த்தேக்க அம்பு தனிய நிக்கும். லேன் கோட்டைத் தாண்டுற அம்புல என்ன கைமாறுதெண்டு எழுதுங்க: ஓடர் கொப்பியா, வட்ஸ்அப் மெசேஜா, இன்வொய்ஸா.

இப்ப லேன் தாண்டுறதை எண்ணுங்க, "ஓம்" வழியை மட்டும். கஸ்டமர், சேல்ஸ், எக்கவுன்ட்ஸ் (கடன்), ஸ்டோர்ஸ் (ஸ்டொக்), திரும்ப எக்கவுன்ட்ஸ் (இன்வொய்ஸ்), திரும்ப ஸ்டோர்ஸ் (பெக்கிங்), டெலிவரி, கஸ்டமர். 7 தரம். இந்த ஷீட்டை Move or Copy குடுத்து ஒரு கொப்பி எடுத்து, அதுல சேல்ஸே ஸ்டொக்கை ஸ்கிரீன்ல பாக்கிற மாதிரி மாத்திப் பாருங்க, எக்கவுன்ட்ஸ் கடனையும் இன்வொய்ஸையும் ஒரே இருப்புல முடிச்சிரும், 5 ஆகிடும். ஆனா அதுக்கு ஸ்கிரீன்ல காட்டுற ஸ்டொக் உண்மையா இருக்கோணும், அதை ஸ்டோர்ஸ் பொறுப்பாளர்ட்ட கேட்டுட்டுத்தான் ரெண்டாவது படத்தை பொஸ்ஸுக்கு காட்டுங்க.