ஹோட்டல் கொள்வனவு முகாமையாளரின் அலுவலக மின்னஞ்சலை எடுப்பது எப்படி? எப்போது லிங்க்ட்இன் போதும்?

நுவரெலியாவில் வீட்டிலேயே ஸ்ட்ரோபெரி ஜேம் செய்யும் ஒருவர், கொழும்பு ஹோட்டல் ஒன்றுக்கு விலைப்பட்டியல் அனுப்பப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொள்வனவு முகாமையாளரின் பெயர் லிங்க்ட்இனில் இருக்கிறது. மின்னஞ்சல் இல்லை.

1. அவர்களே வெளியிட்ட இடத்தில் தேடுங்கள்

ஹோட்டலின் இணையத்தளத்தில் தொடர்புப் பக்கத்தையும், விலைமனு கோரும் அறிவித்தல்களையும், வழங்குநர் பதிவுப் படிவங்களையும் திறந்து பாருங்கள். படிவம் பெரும்பாலும் பிடிஎஃப் ஆக இருக்கும். முகவரி அதன் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். பிறகு கூகுளில் இப்படித் தேடுங்கள் (example.com என்ற இடத்தில் ஹோட்டலின் டொமைனைப் போடவும்):

```
site:example.com "@example.com"
"@example.com" procurement
```

கொள்வனவுப் பிரிவுக்கென்று பொது முகவரி கிடைத்தால் தேடலை அங்கேயே நிறுத்தலாம். ஆள் மாறினாலும் அந்தப் பெட்டியை யாரோ ஒருவர் திறப்பார்.

2. கிடைக்காவிட்டால் தொலைபேசி

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹோட்டலின் பொது இலக்கத்துக்கு அழைத்து, "மிஸ், நுவரெலியாவிலிருந்து பேசுறேன். ஜேம் விலைப்பட்டியல் ஒன்று கொள்வனவுப் பிரிவுக்கு அனுப்பணும், எந்த மின்னஞ்சலுக்கு அனுப்பலாம்?" என்று கேளுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இதே வசனத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. முகவரியை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லி, திருப்பி வாசித்துக் காட்டுங்கள். முகாமையாளரின் கைத்தொலைபேசி இலக்கத்தைக் கேட்க வேண்டாம். அது அவர் தர வேண்டியது.

3. ஊகிப்பதற்கு ஓர் எல்லை

அதே ஹோட்டலில் வேறு இருவரின் முகவரி வெளிப்படையாக இருந்து, இரண்டுமே பெயர், புள்ளி, குடும்பப் பெயர் என்ற ஒழுங்கில் இருந்தால், முகாமையாளரின் முகவரியையும் ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் நம் பெயர்களில் இது அடிக்கடி பிழைக்கும். ஒரே பெயரை மலையகத்தில் `letchumanan` என்றும் வேறிடத்தில் `lakshmanan` என்றும் எழுதுவார்கள். தகப்பன் பெயர் சிலருக்கு முன்னால் வரும், சிலருக்குப் பின்னால் வரும், சிலருக்கு ஒற்றை முதலெழுத்தாக மட்டும் நிற்கும். ஆகவே ஓர் ஊகம், ஒரு மடல், அத்துடன் நிறுத்துங்கள். பத்து வடிவங்களுக்கு ஒரேயடியாக அனுப்பினால் திரும்பி வரும் மடல்கள் உங்கள் முகவரியைத்தான் கெடுக்கும். அடுத்த நல்ல மடலும் ஸ்பாமுக்குப் போகலாம். அதைவிட மோசம், அதே பெயருள்ள வேறொருவரிடம் உங்கள் விலைப்பட்டியல் சேர்வது.

`550 5.1.1` என்ற எண்ணுடன் மடல் திரும்பினால் அப்படியொரு பெட்டியே இல்லை என்று பொருள். திரும்பாவிட்டால் சரியான முகவரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்: சில டொமைன்கள் எந்தப் பெயருக்கு வந்த மடலையும் ஏற்றுக்கொள்ளும், அதை யாரும் பார்க்கமாட்டார்கள்.

எங்கோ அவருடைய சொந்த ஜிமெயில் கண்ணில் பட்டாலும் வியாபாரத்துக்கு அதைத் தொடக்கூடாது. காசுக்கு விற்கும் முகவரிப் பட்டியல்களும் வேண்டாம். அதில் உள்ள யாரும் உங்களிடமிருந்து மடல் வாங்கச் சம்மதித்தவர்கள் அல்லர். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் விளம்பரச் செய்திகளுக்குச் சம்மதம் வேண்டும் என்கிறது.

4. எப்போது லிங்க்ட்இன்?

முகவரி எங்கும் வெளியிடப்படவில்லை, ஆனால் அவர் சென்ற சில வாரங்களுக்குள் லிங்க்ட்இனில் ஏதாவது பதிந்திருக்கிறார் என்றால், அங்கே எழுதுவதே மேல். உங்கள் பெயர், படம், தொழில் எல்லாம் அவருக்கு உடனே தெரியும். வேண்டாம் என்றால் ஒரு சொடுக்கில் விலக்கலாம். ஒரு வருடமாகப் பதிவே இல்லாத கணக்கென்றால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள், பொது முகவரிக்கே போங்கள். விலைப்பட்டியலோ சான்றிதழோ இணைக்க வேண்டியிருந்தாலும், மேலதிகாரிக்கு அனுப்பிவைக்க வேண்டிய விடயம் என்றாலும் மின்னஞ்சல்தான்.

இலவசக் கணக்கில் இணைப்புக் கோரிக்கையோடு எழுதும் குறிப்புக்கு இடம் மிகக் குறைவு, ஏறக்குறைய 200 எழுத்துகள். தமிழில் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும்: ‘வணக்கம்’ நம் கண்ணுக்கு 5, கணினிக்கு 7. ஆகவே முகமன் சுருக்கமாக இருக்கட்டும்:

"வணக்கம். நுவரெலியாவில் ஸ்ட்ரோபெரி ஜேம் செய்கிறேன். விலைப்பட்டியலை எந்த அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்பலாம்?"

இந்தக் குறிப்பில் விலை இல்லை, இணைப்பு இல்லை, ஒரே கேள்விதான். அவர் முகவரியைத் தந்தால் அது அவர் கையால் தந்தது. மடலின் முதல் வரியில் "லிங்க்ட்இனில் நீங்கள் தந்த முகவரிக்கு அனுப்புகிறேன்" என்று எழுதுங்கள்.

ஒரே நாளில் இரண்டு வழியிலும் எழுத வேண்டாம். ஒரு வாரம் கழித்து, அதே வழியில், ஒரேயொரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த ஹோட்டலுக்குப் போங்கள்.