ஏல விலை சேர்க்கும் ஸ்கிரிப்டில் பூஜ்யம் எழுதாதீர்கள்

போடியில் ஏலக்காய் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள் பைத்தான் பழகியதும் முதலில் எழுதிப் பார்ப்பது ஏல விலை சேர்க்கும் ஸ்கிரிப்ட்தான். போடியிலும் மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் நடக்கும் ஏலத்தின் தினசரி விலையை எடுத்து ஒரு சிஎஸ்வி ஆக்குகிறார்கள். நல்ல பயிற்சி. ஆனால் கிட்டத்தட்ட எல்லார் கோப்பிலும் இதைப் பார்க்கிறேன்:

```python
try:
    price = parse(html)
except:
    price = 0
```

தோல்வியைப் பூஜ்யமாக எழுதுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. மூன்று நாள் விலை 2,400, 2,450, 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 2,450. நான்காம் நாள் பூஜ்யம் விழுந்தால் அது 1,837-க்குச் சரியும். விலை சரிந்துவிட்டதென்று வீட்டில் பெரியவர்கள் சரக்கைப் பிடித்து வைக்கலாமா என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால் மூன்று காரணங்களில் எதுவும் இருக்கலாம். அன்று ஏலமே நடக்காமல் இருந்திருக்கலாம். அட்டவணையின் அமைப்பு மாறியிருக்கலாம். அல்லது சர்வர் திணறி, "சிறிது நேரம் கழித்து முயலவும்" என்ற பக்கத்தை 200 என்ற குறியீட்டோடே அனுப்பியிருக்கலாம். கடைசி வகைதான் ஆளை ஏமாற்றும், 200 வந்ததால் ஸ்கிரிப்ட் அதை வெற்றியாகவே எடுத்துக்கொள்கிறது.

அதனால் பக்கம் வந்ததும் பிரித்தெடுக்க வேண்டாம். முதலில் வந்தது வந்தபடியே, தேதியைப் பெயராக வைத்துச் சேமியுங்கள். விலையைப் பிரிப்பது தனி ஸ்கிரிப்டின் வேலை. சிஎஸ்வியில் `status` என்று ஒரு பத்தி வையுங்கள். விலை கிடைத்தால் `ok`. ஏலம் இல்லை என்று பக்கமே சொன்னால் மட்டும் `no_auction`. மற்ற எல்லாம் `failed`, விலைக் கட்டம் காலி. அடுத்த முறை `failed` தேதிகளை மட்டும் திரும்ப எடுத்தால் போதும்.

பிழைப் பக்கங்களைக் கண்டுபிடிக்கக் கோப்புகளை அளவு வாரியாக வரிசைப்படுத்துங்கள். மற்றவை 40 கேபி இருக்கும்போது ஒன்று மட்டும் 2 கேபி என்றால் திறந்து பாருங்கள். அட்டவணை அமைப்பு மாறியிருந்தாலும் பிரிக்கும் ஸ்கிரிப்டைத் திருத்தி, கையில் உள்ள கோப்புகளிலேயே ஓட்டலாம். இரண்டு வருடப் பக்கங்களுக்காக அந்தச் சர்வரை மறுபடி தட்ட வேண்டியதில்லை.

429 வந்த பிறகும் தட்டுவது

429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள் என்று சர்வர் சொல்கிறது. பதிலின் ஹெடரில் `Retry-After` இருந்தால் அது சொல்லும் வரை காத்திருங்கள். அதில் விநாடியும் வரலாம், தேதியும் வரலாம், இரண்டையும் கையாளுங்கள். இல்லாவிட்டால் 5, 10, 20 விநாடி என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய், ஐந்தாறு முறைக்குப் பின் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். சர்வர் திணறும்போது வரும் 503-க்கும் இதேதான். 404-ஐ மறுபடி கேட்காதீர்கள்.

timeout இல்லாமல் விடுவது

`requests` தானாக வைக்காது. `timeout=(5, 30)` கொடுங்கள்.

robots.txt

எந்தப் பக்கங்களை ஸ்கிரிப்ட் எடுக்கலாம் என்று தளமே சொல்லும் கோப்பு இது. முதலில் படியுங்கள். தடுத்திருந்தால் எடுக்காதீர்கள்.

ஒரே நேரத்தில் பத்து இழை

வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தானே, வரிசையாக மூன்று விநாடி இடைவெளியில் எடுத்தாலும் இரண்டு வருடம் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.