புரட்டாசி விரதத்தில் அரிசிக்கு எவ்வளவு பருப்பு? டர்பன் வீடுகளுக்கான அளவு

புரட்டாசி பிறந்தால் டர்பனில் பல தமிழ் வீடுகளில் ஒரு மாதம் மீனும் கறியும் கிடையாது. அப்போது புரதம் முழுக்க சோற்றையும் பருப்பையும் நம்பித்தான். இரண்டும் சரியான அளவில் சேர்ந்தால், உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் கிடைத்துவிடும்.

முதலில் குறை எங்கே என்று பாருங்கள். அந்த ஒன்பதில் ஒன்றான லைசின் அரிசியில் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் போதுமான அளவு இருக்கிறது. நமக்குக் குறைவது பெரும்பாலும் லைசின்தான், அதனால் அதை வைத்தே கணக்குப் போடுவோம்.

அடுத்து அளவு. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு. இரண்டையும் வேகவைப்பதற்கு முன்பே அளக்க வேண்டும்.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,800 மில்லிகிராம் லைசின் தேவை. 300 கிராம் அரிசியில் ஏறக்குறைய 750தான் வரும். 100 கிராம் பருப்பு சேர்த்தால் இன்னும் 1,400 சேர்ந்து, மொத்தம் 2,150 ஆகும். செரிமானத்தில் கொஞ்சம் குறைந்தாலும் தேவை நிறைவேறிவிடும். மொத்தப் புரதம் மட்டும் 43 கிராம் அளவில் நிற்கும், தேவை 50. மீதியைத் தயிரோ வேர்க்கடலையோ ஈடுகட்டும்.

அப்புறம் இதை நாள் முழுக்கப் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் இட்லி: 75 கிராம் அரிசி, 25 கிராம் உளுந்து. இட்லி மாவிலேயே அந்த மூன்றுக்கு ஒன்று இருக்கிறது. மதியம் 125 கிராம் அரிசிச் சோறு, 40 கிராம் துவரம்பருப்பில் கெட்டியான பருப்பு. இரவு 100 கிராம் அரிசி, 35 கிராம் சுகர் பீன்ஸ் போட்ட கறி. பீன்ஸை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு வேகவையுங்கள். அரைவேக்காட்டு பீன்ஸ் வயிற்றைப் புரட்டும்.

ஒரே தட்டில் இரண்டும் இருந்தாக வேண்டும் என்பதில்லை. காலையில் சாப்பிட்டதும் இரவில் சாப்பிட்டதும் ஒரே நாள் கணக்கில் சேரும்.

கணக்கு தப்புவது பெரும்பாலும் நீர்த்த பருப்பில்தான். நான்கு பேருக்கு 100 கிராம் பருப்பைப் போட்டுத் தண்ணீராக இறக்கினால், ஆளுக்கு 25 கிராம்தான் விழும். பாத்திரம் நிறைந்திருப்பது கணக்கில்லை. ரசமும் உருளைக்கிழங்குக் கறியும் இந்தக் குறையைத் தீர்க்காது. சோற்றுக்குப் பதில் மீலி மீல் களி கிண்டினாலும் பருப்பைக் குறைக்காதீர்கள், மக்காச்சோளத்திலும் லைசின் குறைவுதான். பீன்ஸ் பன்னியில் ரொட்டியின் குறையை உள்ளே இருக்கும் பீன்ஸ் ஈடுசெய்கிறது. அதைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரத அளவே வேறு. அவர்கள் மருத்துவர் சொன்ன அளவோடு நிற்கட்டும்.