குரூப் 4 அட்டவணை: பாடத்துக்கு இரண்டரை மணி நேரம் என்று சமமாகப் பிரிக்காதீர்கள்

என் சித்தி மகள் குரூப் 4-க்குப் போட்ட அட்டவணையைப் போன மாதம் காட்டினாள். வாரத்துக்கு 20 மணி நேரம், எட்டுத் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் 5 கேள்வி வரும் அறிவியலும் 100 கேள்வி வரும் தமிழும் அதில் ஒரே அளவு.

மொத்தம் 200 கேள்விகள், கேள்விக்கு 1.5 மதிப்பெண். பொது அறிவில் எந்த அலகிலிருந்து எத்தனை கேள்வி என்பதைத் தற்போதைய பாடத்திட்டமே சொல்லிவிடுகிறது. அட்டவணைக்கு முன் அந்த எண்ணைத் தலைப்புக்கு எதிரே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு தலைப்பும் எவ்வளவு கடினம் என்பதற்கு ஓர் எண். இதை மனசு சொல்வதை வைத்துப் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அவளுக்குப் பாலிட்டி என்றாலே பயம். பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதவைத்தோம். பாலிட்டியில் ஓரிரண்டுதான் தப்பு. கணக்கில் பாதிக்கு மேல் போயிருந்தது. தப்பு கால்வாசிக்குள் இருந்தால் 1, பாதி வரை 1.5, அதற்கு மேல் 2 என்று வைத்தோம். 5 வரை போகாதீர்கள். அறிவியலுக்கு 5 போட்டால் 25 ஆகி, 15 கேள்வி உள்ள பாலிட்டியை முந்திவிடும்.

கேள்வி எண்ணிக்கையைக் கடினத்தால் பெருக்கினோம்: தமிழ் 100, கணக்கு 50, பொருளாதாரம் 30, தமிழக வரலாறும் பண்பாடும் 30, பாலிட்டி 15, இந்திய வரலாறு 10, அறிவியல் 10, புவியியல் 5. கூட்டினால் 250. 20 மணி நேரத்தை இதே விகிதத்தில் பிரித்தால் தமிழுக்கு 8 மணி, கணக்குக்கு 4, அறிவியலுக்கு 48 நிமிடம். கணக்கின் 4 மணியை ஞாயிறன்று ஒரே மூச்சில் உட்கார்ந்து முடிக்கக் கூடாது. தினம் 35 நிமிடம் போட்டால்தான் கை பழகும்.

தமிழ் சுலபம் என்று அந்த 8 மணியில் கைவைக்காதீர்கள். அதில் 40 சதவீதம், அதாவது 150-க்கு 60, எடுக்காவிட்டால் பொது அறிவுப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

இன்னொரு தவறு, கையில் இருக்கும் நேரம் முழுவதையும் நிரப்பிவிடுவது. அவளுக்கு உண்மையில் வாரம் 23 மணி கிடைக்கும். 20-ஐத்தான் பிரித்தோம். ஞாயிறு மாலை 3 மணி நேரம் விடுபட்டதற்கு மட்டும். அது காலியாக இல்லாவிட்டால் செவ்வாயன்று தவறிய இலக்கணம் புதனைத் தள்ளும், புதன் வியாழனைத் தள்ளும். வெள்ளிக்கிழமை அட்டவணையே மேசைக்குள் போய்விடும்.

நான்கு வாரம் கழித்து வேறொரு வினாத்தாள் எழுதி, கடின எண்களை மட்டும் மாற்றுங்கள். கணக்கு 2-லிருந்து 1.5-க்கு இறங்கினால் மொத்தம் 237.5 ஆகும், கணக்குக்கு 3 மணி 10 நிமிடம் போதும், மீதி 50 நிமிடம் மற்ற தலைப்புகளுக்குப் பிரிந்துபோகும்.