பேசாமல் எழுதும் கூட்டத்தில் நடக்கும் தவறுகள்

சமூக மன்றத்தின் இந்திய நற்பணிச் செயற்குழு, கோயில் தொண்டூழியர் குழு, பள்ளியின் பெற்றோர் குழு என எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒன்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள், மூன்று பேர் பேசுவார்கள். இதைச் சரிசெய்ய இப்போது பல குழுக்கள் ஒரு வழியைப் பிடித்திருக்கின்றன. ஆளுக்குச் சில அட்டைகளைக் கொடுத்து, "முதலில் எழுதுங்க, அப்புறம் பேசலாம்" என்கிறார்கள். நல்ல வழிதான். ஆனால் அட்டை கொடுத்த பிறகும் அதே மூன்று பேர் பேசி முடிக்கும் கூட்டங்கள் நிறைய நடக்கின்றன. கோளாறு அட்டையில் இல்லை, அதைக் கையாளும் விதத்தில் இருக்கிறது.

முதலில் இது எதற்கு என்று தெளிவாக வேண்டும். எல்லாருக்கும் வாய்ப்பு கொடுத்ததாகக் காட்டிக்கொள்ள அல்ல. 1985இல் ஸ்டாஸர், டைட்டஸ் என்ற இரு ஆய்வாளர்கள், மாணவர் தலைவர் பதவிக்கான வேட்பாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வேலையைச் சிறு குழுக்களிடம் கொடுத்தார்கள். சில விவரங்களை எல்லாரிடமும் கொடுத்தார்கள், சில விவரங்களை ஒவ்வொருவரிடம் மட்டும் தனியாகக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் சிறந்த வேட்பாளர் யார் என்று தெரியும். குழுக்களோ ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசின. சிறந்தவரைப் பெரும்பாலும் தவறவிட்டன. ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் அவர் வாயிலேயே தங்கிவிட்டது. நம் கூட்டங்களில் நடப்பதும் இதுதான். பேசாமல் எழுதுவதன் வேலை, அந்தத் தங்கிப்போன விஷயத்தை மேசைக்குக் கொண்டுவருவது. அது மேசைக்கு வராமல் போக நாம் செய்யும் ஒவ்வொரு காரியமும் தவறு.

ஓர் எடுத்துக்காட்டை வைத்தே பார்க்கலாம். ஒன்பது பேர் கொண்ட ஒரு செயற்குழு பொங்கல் விழாவைத் திட்டமிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்துக்கு ஒரு மணி நேரம். அந்த ஒன்பது பேரில் ஒரு பெண்மணி, போன ஆண்டு பதிவு மேசையில் உட்கார்ந்தவர். விருந்தினர் உரைகள் தொடங்கும் நேரத்தில்தான் குழந்தைகளோடு வந்த குடும்பங்கள் வரிசையாக வெளியேறின என்பதை அவர் மட்டும் கண்ணால் பார்த்திருக்கிறார். மேடைக்கு அருகில் இருந்த யாருக்கும் அது தெரியாது. அவர் கூட்டத்தில் பேசாதவர்.

கேள்வியிலேயே தொடங்கும் கோளாறு

"பொங்கல் விழாவை எப்படிச் சிறப்பாக நடத்தலாம்?" என்று கேட்டால், "நல்ல சாப்பாடு", "கோலப்போட்டி", "நல்ல விளம்பரம்" என்றுதான் அட்டைகள் வரும். பதிவு மேசையில் பார்த்தது அந்தக் கேள்விக்கான பதில் என்றே அவருக்குத் தோன்றாது. "போன ஆண்டு ஏழு மணிக்கு நிறைந்திருந்த அரங்கம் எட்டரைக்குப் பாதி காலி. அவர்களை ஒன்பதரை வரை இருக்கவைக்க எதை மாற்றலாம்?" என்று கேளுங்கள். இப்போது அவர் கை தானாக எழுதும். கேள்வியைப் பலகையில் எழுதிவையுங்கள். வாயால் மட்டும் சொன்னால் ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் எழுதுவார்கள்.

தலைவர் கேள்வியைப் படித்துவிட்டு, "என்னைக் கேட்டால் இசைக்குழு சரியில்லை, இருந்தாலும் நீங்கள் எழுதுங்கள்" என்று ஒரு வரி சேர்ப்பார். அந்த ஒரு வரி போதும், பாதி அட்டைகள் இசைக்குழுவைப் பற்றியே வரும். பெரியவர் சொன்னதற்கு மாறாக எழுத நம்மில் பலருக்குக் கை வராது. தலைவரும் எழுதட்டும், ஆனால் கடைசியில் படிக்கட்டும்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் வாட்ஸ்அப் குழுவில் "யோசனைகளை அனுப்புங்கள்" என்று கேட்பதும் இதே வகைத் தவறுதான். முதலில் வரும் பதிலுக்கு நான்கு கட்டைவிரல்கள் விழுந்ததும், அதற்கு எதிராக யோசித்து வைத்திருந்தவர் அமைதியாகிவிடுவார். இணையவழிக் கூட்டமாக இருந்தால் பதிலைத் தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளச் சொல்லி, நீங்கள் சொல்லும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்பும்படி செய்யுங்கள்.

இரண்டாவது நிமிடத்தில் நிறுத்துவது

ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் சிலர் பேனாவைக் கீழே வைப்பார்கள். அறை சங்கடமாக இருக்கும். "சரி, எழுதியாச்சா?" என்று தலைவர் கேட்டுவிடுவார். அதுவரை எழுதியது பெரும்பாலும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. தனக்கு மட்டும் தெரிந்தது அந்த மேல் அடுக்கு தீர்ந்த பிறகுதான் வரும். எட்டு நிமிடம் விடுங்கள். எட்டு நிமிடம் என்று முன்கூட்டியே சொல்லி, கைப்பேசியில் மணி வையுங்கள். ஒரு அட்டைக்கு ஒரே யோசனை, ஆளுக்குக் குறைந்தது மூன்று என்று சொன்னால் முதல் அட்டையோடு யாரும் ஓய மாட்டார்கள்.

மௌனத்தைக் குறைத்துப் பேச்சுக்கு நேரம் விடுவது நல்லது என்று தோன்றலாம். யேல் பல்கலைக்கழகத்தில் 1958இல் வெளியான ஆய்வு வேறு கதை சொல்கிறது. நான்கு பேர் சேர்ந்து பேசி யோசித்தபோது வந்ததைவிட, நான்கு பேர் தனித்தனியே யோசித்ததைச் சேர்த்தபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு யோசனைகள் வந்தன. டீல், ஸ்ட்ரோபே இருவரும் 1987இல் இதற்கு முக்கியக் காரணத்தைக் காட்டினார்கள்: ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தன் முறைக்காகக் காத்திருப்பவர் யோசிப்பதை நிறுத்துகிறார், அல்லது வந்த யோசனையை மறக்கிறார். கூச்சம் ஒரு பக்கம் இருக்கட்டும், வரிசையில் நிற்பதே யோசனையைக் கொல்கிறது.

எந்த மொழியில் எழுதுவது

இது சிங்கப்பூரில் நாம் அதிகம் கவனிக்காத இடம். ஒரே குழுவில் தமிழ்நாட்டிலிருந்து வந்து நிரந்தரவாசியானவர், இங்கே பிறந்து தமிழில் சரளமாகப் பேசினாலும் எழுதத் தயங்கும் இளையர், பேச்சில் கெட்டிக்காரராக இருந்து எந்த மொழியிலும் எழுதக் கூச்சப்படும் மூத்தவர் என்று எல்லாரும் இருப்பார்கள். "தமிழில் எழுதுங்கள்" என்றால் இளையர் சுருங்குவார், "ஆங்கிலத்தில்" என்றால் மற்றவர் சுருங்குவார். பேசத் தயங்குபவரை எழுத வைக்கப் போய், எழுதத் தயங்குபவரை ஊமையாக்கிய கதைதான்.

எந்த மொழியும் கலக்கலாம், பிழை பரவாயில்லை, படம்கூட வரையலாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். எழுத விரும்பாதவர் கைப்பேசியில் குரல் பதிவு செய்ய வெளியே ஒரு மூலை கொடுக்கலாம், அல்லது செயலாளர் அவர் சொல்வதைத் தாழ்ந்த குரலில் கேட்டு எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அவரைப் பார்த்து "உங்களுக்கு நான் எழுதித் தரேன் அண்ணே" என்று எல்லார் முன்னும் சொல்லாதீர்கள். வசதியைப் பொதுவாக அறிவியுங்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்வார்.

அட்டையைப் படிக்கும் நேரம்

பெரும்பாலான கூட்டங்கள் இங்கேதான் கெடுகின்றன. எழுதி முடித்ததும் தலைவர், "சரி, யார் முதலில் சொல்றீங்க?" என்கிறார். அவ்வளவுதான். எட்டு நிமிட மௌனம் வீண். வழக்கமாகப் பேசும் மூன்று பேர் தங்கள் அட்டைகளை விரிவாக விளக்குவார்கள், நேரம் முடியும், மற்ற அட்டைகள் பையில் வீட்டுக்குப் போகும்.

இதன் மறுபக்கத் தவறும் உண்டு. அமைதியானவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "அக்கா, நீங்க எதுவும் சொல்லலையே, சொல்லுங்க" என்பது. நல்ல எண்ணம்தான், ஆனால் அது தேர்வறை வாய்மொழிக் கேள்வி போல் ஆகிவிடும். அவர் "எல்லாரும் சொன்னதுதான்" என்று முடித்துவிடுவார். பதிவு மேசை விஷயம் மறுபடி புதைந்துபோகும்.

டெல்பெக், வான் டி வென் இருவரும் 1971இல் விவரித்த முறையில் இதற்கு எளிய ஏற்பாடு உண்டு. மேசையைச் சுற்றி ஒருவர் ஒரு சுற்றுக்கு ஓர் அட்டை மட்டும் படிப்பார். விளக்கம் இல்லை, விமர்சனம் இல்லை. செயலாளர் அதை எழுதியபடியே, சொல் மாற்றாமல், பலகையில் எண்ணிட்டு எழுதுவார். புதிதாக இல்லாதவர் அடுத்தவருக்கு விடலாம், அடுத்த சுற்றில் திரும்பச் சேரலாம். ஒன்பது பேர், மூன்று சுற்று, ஓர் அட்டைக்கு அரை நிமிடம் என்றால் பதினான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பேசுகிறவருக்கும் பேசாதவருக்கும் ஒரே அளவு நேரம், யாரும் தனியாகக் குறிவைக்கப்படவில்லை.

செயலாளர் "அழகாக" மாற்றி எழுதுவதைத் தடுங்கள். "பேச்சு ஆரம்பிச்சா குழந்தைங்களோட வந்தவங்க கிளம்புறாங்க" என்ற அட்டை, "நிகழ்ச்சி நேர மேலாண்மை" என்று பலகையில் ஏறினால் அதிலிருந்த செய்தி போய்விட்டது. எல்லாரும் தலையாட்டுவார்கள், யாருக்கும் எதுவும் புரியாது.

விஷயம் மென்மையானதாக இருந்தால், உதாரணமாகப் பணம், ஒருவரின் பொறுப்பு, மேடையில் யார் பேசுவது என்றால், அட்டைகளைச் சேர்த்துக் கலைத்து ஒருவரே படிக்க வேண்டும். அப்போது "இது யார் எழுதினது?" என்ற கேள்வியே கூடாது. எல்லாருக்கும் ஒரே நிறப் பேனா கொடுங்கள். சிறு குழுவில் கையெழுத்து தெரிந்துவிடும் என்பதை மறைக்க வேண்டாம். அந்த அளவுக்குச் சிக்கலான விஷயம் என்றால் பெயர் கேட்காத இணையப் படிவம் நல்லது.

எல்லாவற்றையும் படித்த பிறகுதான் பேச்சு. ஒவ்வோர் எண்ணையும் எடுத்து, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று மட்டும் கேளுங்கள், எழுதியவர் விரும்பினால் விளக்குவார், வேறு யாரும் விளக்கலாம். இதற்கு இருபது நிமிடம் ஒதுக்கலாம்.

கை தூக்குவது

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் "இதற்கு எத்தனை பேர்?" என்று கை தூக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பாதிப் பேர் தலைவர் கையைப் பார்த்துத் தூக்குவார்கள். தேர்வும் எழுத்திலேயே இருக்கட்டும். பலகையில் உள்ளவற்றில் ஆளுக்கு ஐந்தைத் தேர்ந்து, மிக முக்கியமானதற்கு 5, அடுத்ததற்கு 4 என 1 வரை புள்ளி எழுதி மடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மொத்தத்தை மட்டும் கூட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். நம் குழுவில் "உரைகளை எட்டு மணிக்குள் முடிப்பது" என்பதற்கு நான்கு பேர் 5 கொடுத்து, மற்ற ஐவர் சேர்க்கவே இல்லை என்றால் மொத்தம் 20. "பொங்கல் பானை வைப்பதைக் குடும்பங்கள் வந்த பிறகு ஏழரைக்கு மாற்றுவது" என்பதற்கு ஏழு பேர் ஆளுக்கு 3 கொடுத்தால் 21. எண்கள் அருகருகே, ஆனால் நிலைமை வேறு. இரண்டாவதில் பரவலான ஒப்புதல் இருக்கிறது. முதலாவதில் குழு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. விருந்தினர் மனம் கோணுமோ என்ற பயம் ஐந்து பேரிடம் இருக்கலாம். மீதமுள்ள பத்து நிமிடத்தை அந்த முதலாவதற்குக் கொடுங்கள். பதிவு மேசையில் இருந்தவரிடம் எத்தனை மணிக்கு எத்தனை குடும்பங்கள் போயின என்று கேட்கச் சரியான நேரமும் அதுதான். இப்போது அவர் கருத்துச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறார். கூச்சப்படுபவருக்கு அது எளிது.

எல்லாக் கூட்டத்துக்கும் இது வேண்டாம். மூன்று பேர் உட்கார்ந்தால் பேசினாலே போதும். தகவல் தெரிவிக்கும் கூட்டத்தில் அட்டை கொடுப்பது நேர விரயம். தலைவர் முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டு, உறுப்பினர்களும் கலந்துகொண்டதாகக் காட்ட எழுதச் சொல்வது எல்லாவற்றையும்விட மோசம். ஒருமுறை அப்படி நடந்தால், அடுத்த முறை அட்டைகள் வெறுமையாகவோ "ஓகே" என்ற சொல்லோடோ திரும்பி வரும். அப்படி வந்தால் அட்டையைக் குறை சொல்லாதீர்கள். போன கூட்டத்தின் முதல் ஐந்து யோசனைகளுக்கு என்ன ஆனது என்பதை அடுத்த கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டு, அதன் பிறகு அட்டைகளைக் கொடுங்கள்.