படிப்பு மணி வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உவர்மலையில் உயர்தர மாணவர்கள் சேர்ந்து படிக்கும் ஓர் அறையை மேற்பார்வை செய்து வருகிறேன். ஐம்பது நிமிடப் படிப்பு, பத்து நிமிட இடைவேளை என்று கைப்பேசிச் செயலியில் மணி வைத்துப் படிக்கப் புதிதாக வருவோர், முன்பு வந்தவர்கள் இடறிய இடத்திலேயே இடறுகிறார்கள். ஒலியளவைக் கூட்ட மறப்பது போன்றவற்றை ஒரே நாளில் தாமே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

அழுத்தினால்தான் நகரும் மணி

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். பல செயலிகளில் படிப்பு நேரம் முடிந்து மணி அடித்தாலும், நாம் திரையைத் தொடும்வரை இடைவேளை தொடங்குவதில்லை. இடைவேளை முடிந்தாலும் அதே கதைதான். இணைந்த கணிதம் படிக்கும் மாணவி ஒருவர் காலை 5.00 மணிக்குத் தொடங்கி, 8.50க்குள் நான்கு அமர்வுகளை முடித்துவிட்டு 9.00 மணி வகுப்புக்குச் செல்லத் திட்டமிட்டிருந்தார். 5.50க்கு மணி அடித்தபோது கணக்கு பாதியில் நின்றதால், அதை முடித்து 5.56க்கு அழுத்தினார். இடைவேளை 6.06 வரை நீண்டது. அழுத்தக் கையில் எடுத்த கைப்பேசியில் வந்திருந்த செய்திகளைப் பார்த்துவிட்டு, அடுத்த அமர்வை 6.11க்குத் தொடங்கினார். ஒவ்வொரு சுற்றிலும் இந்தப் பதினொரு நிமிடம் சேர்ந்ததால் நான்காவது அமர்வு 8.33க்குத்தான் தொடங்கியது, வகுப்புக்குப் புறப்படும் அவசரத்தில் அதில் பாதிகூட மிஞ்சவில்லை. நாள்தோறும் கடைசியில் வைத்திருந்த பாடமே அடிபட்டது என்பதை மாதிரித் தேர்வு வரும்வரை அவர் கவனிக்கவேயில்லை.

படிப்பும் இடைவேளையும் தானாகவே தொடங்கும்படி செயலியின் அமைப்பை மாற்றுங்கள். மணி இரண்டு மூன்று விநாடி ஒலித்துத் தானே அடங்க வேண்டும். கைப்பேசி எட்டாத அலமாரியில் இருக்கட்டும். கணக்கு பாதியில் நின்றால், அடுத்து எழுத வேண்டிய படியை ஓரத்தில் பென்சிலால் ஒரு வரியில் குறித்துவிட்டு எழுந்துவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து அந்த வரியிலிருந்து தொடங்குவது எளிதாகவே இருக்கும்.

தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரே ஒலி

வேண்டாம். தொடக்கத்துக்கு ஒற்றை ஒலி, முடிவுக்கு இரட்டை ஒலி.

தெருவில் கேட்கும் மெட்டு

பாண் விற்கும் முச்சக்கரவண்டியின் பியானோ மெட்டை ஒருவர் முடிவு மணியாக வைத்திருந்தார். வண்டி தெருவில் திரும்பும்போதெல்லாம் அமர்வின் நடுவிலேயே புத்தகத்தை மூடினார். கோயில் மணியைப் போன்ற ஒலியும் இந்த ஊரில் அதே குழப்பத்தைத்தான் தரும்.

அமைதி நிலையில் விழுங்கப்படும் மணி

அழைப்புகள் வராதிருக்க ஆண்ட்ராய்டு கைப்பேசியைத் தொந்தரவற்ற நிலையில் வைப்பது நல்லதுதான். ஆனால் அந்நிலையில் அலார ஒலி வழக்கமாகக் கேட்குமே தவிர, அறிவிப்பு ஒலியாக வரும் மணி அடங்கிவிடும். ஆகவே அந்நிலையை இயக்கி, திரையையும் அணைத்துவிட்டு, இரண்டு நிமிட அமர்வு ஒன்றை வைத்து மணி கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டால் அந்தச் செயலிக்கு விலக்கு அளியுங்கள்.