ஒன்பதில் சூரியன், ராகு என்றால் பித்ரு தோஷம்தானா?

ஜாதகத்தில் லக்னத்திலிருந்து ஒன்பதாம் கட்டத்தில் ‘சூ’வும் ‘ரா’வும் சேர்ந்திருந்தால் போதும், உடனே முன்னோர் வழி வரும் “பித்ரு தோஷம்” என்று சொல்லிவிடுகிறார்கள். ஒன்பது தகப்பனைக் குறிக்கும் பிதுர் ஸ்தானம், சூரியன் தகப்பனைக் குறிக்கும் பிதுர்காரகன், ராகு அவரைப் பிடிக்கும் கிரகம். அதனால் சந்தேகப்பட வேண்டிய அமைப்புதான். ஆனால் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு அங்கேயே நிற்பதுதான் பெரிய தவறு.

1991 மார்கழியை எடுத்துக்கொள்வோம். சூரியன் வழக்கம்போல மாதம் முழுக்கத் தனுசில். ராகுவும் அப்போது அங்கேதான். ஆக, அந்த மாதம் மதியத்தில் மேஷ லக்னத்தில் பிறந்த எல்லோருக்கும் ஒன்பதில் இந்தச் சேர்க்கை இருக்கும். எல்லோருக்கும் ஒரே பலனா? டிசம்பர் 18 அன்று பிறந்தவருக்குச் சூரியன் ஏறக்குறைய 2 பாகையில், ராகு 17-ல். ஒரே வீடு என்றாலும் நடுவே 15 பாகை இடைவெளி. ஜனவரி 5 அன்று பிறந்தவருக்குச் சூரியன் 20-ல், ராகு 16-ல். அன்று விடியற்காலை அமாவாசை, சூரிய கிரகணமும் கூட (இந்தியாவில் தெரியவில்லை என்பது வேறு விஷயம்). இரண்டாமவருக்குத்தான் தோஷம் அழுத்தமாகப் பேசும்.

அவருக்கும் தீர்ப்பு அதோடு முடியவில்லை. ஒன்பதுக்குடைய குரு அப்போது சிம்மத்தில், அதாவது ஐந்தில். ஐந்துக்குடைய சூரியனோ ஒன்பதில். ஒருவர் வீட்டில் மற்றவர் இருப்பதால் இது பரிவர்த்தனை, போதாததற்குக் குருவின் ஐந்தாம் பார்வை தனுசின் மேலேயே விழுகிறது. குரு பார்த்தால் தோஷம் தணியும் என்பது பழைய விதி. இதையெல்லாம் பார்க்காமல் பரிகாரப் பட்டியலை நீட்டுகிறவரிடம் ‘ஒன்பதாம் அதிபதி எங்கே?’ என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒன்பதாம் அதிபதி நீசமாகியோ ஆறு, எட்டு, பன்னிரண்டில் மறைந்தோ இருந்து, குரு பார்வையும் இல்லை என்றால்தான் சொல்வதில் பலம் இருக்கும்.

சரி, தோஷம் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அப்பா உயிரோடு இருக்கும்போது மகனை அமாவாசைத் தர்ப்பணம் செய்யச் சொல்வது அடுத்த தவறு. எள்ளும் தண்ணீரும் இறைப்பது தகப்பன் காலமானவரின் கடமை. பொதுவான வழக்கத்தில் மற்றவர் செய்வதில்லை. அப்பா இருந்தால் அவர்தான் தம் முன்னோருக்குச் செய்ய வேண்டும். மகன் கூட நின்று உதவலாம், அன்னதானம் செய்யலாம்.

வருடத் திதியை விட்டுவிட்டு ராமேஸ்வரத்தில் ஒருமுறை தில ஹோமம் செய்தால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. திதி கொடுப்பவர்களிலும் பலர் இங்கிலீஷ் தேதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்பா ஐப்பசித் தேய்பிறை சப்தமியில் போயிருந்தால், வருடா வருடம் ஐப்பசியில் அந்தச் சப்தமி பிற்பகலில் நிற்கும் நாள்தான் கணக்கு. அது ஒவ்வொரு வருடமும் வேறு வேறு தேதியில் வரும். இறந்த திதியே தெரியாதென்றால் புரட்டாசி மகாளய அமாவாசையில் செய்துவிடலாம்.